தேத்தண்ணிக் கடை வீடியோவுக்கு நாலு வரிப் பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலு வரி போதுமா? எங்கட கடையில சொல்ல நிறைய விஷயம் இருக்கே.

போதும். நாலு வரியும், முடிவில் கடையின் பெயரும். அதற்கு மேல் போனால் கேட்பவர் வாயில் எதுவும் தங்காது.

நம் ஊர்த் தெருக்களில் பாண் கொண்டு வரும் ஓட்டோவை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதில் பீத்தோவனின் ஒரு பியானோ மெட்டுத்தான் ஒலிக்கும். சொல் ஒன்றும் கிடையாது. அந்த மெட்டின் தொடக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு சுரங்கள் மாறி மாறி வரும், அவ்வளவுதான். அது காதில் விழுந்ததும் வீட்டுக்குள் இருக்கிற பிள்ளை "பாண் வருது" என்று ஓடுகிறது. சிறிய துண்டு, ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப. தேத்தண்ணிக் கடைப் பாட்டும் அப்படித்தான் மனதில் இறங்க வேண்டும்.

வடை, ரோல்ஸ், இஞ்சிப் பிளேன்டீ, பார்சல் வசதி எல்லாவற்றையும் காட்டலாம். ஆனால் அதைப் படம் காட்டட்டும். பாட்டுக்கு மூன்று விஷயம் போதும்: கடை எங்கே இருக்கிறது, என்ன குடிக்கலாம், யார் தருகிறார்.

எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

எழுத உட்காராதீர்கள். கடை வாங்கில் அரை மணி நேரம் உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். பாட்டின் சொற்கள் அங்கேதான் கிடக்கின்றன.

கல்லடிப் பாலத்தின் அடியில் ஒரு அம்மா நடத்துகிற கடைக்கு நான் பாட்டு எழுதிக் கொடுத்தேன். கடையின் உண்மைப் பெயரை இங்கே சொல்லவில்லை, "மாமி கடை" என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மகன் முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார்:

மட்டுமாநகரின் மத்தியில் அமைந்துள்ள
சுவையும் தரமும் நிறைந்த மாமி தேநீர் நிலையம்
அனைவரும் வாரீர், அன்புடன் வாரீர்

இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இது கடைப் பலகையில் எழுதுகிற தமிழ். "தேநீர் நிலையம்" என்று சொல்லி யாரும் அந்தக் கடைக்கு வருவதில்லை. காலையில் வலை இழுத்துவிட்டு வருகிறவர்கள் "பாலத்தடியில ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்" என்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் "மாமி கடை" என்கிறார்கள். மாமியைப் பற்றிக் கேட்டால், "அவ நல்லா ஆத்தித் தருவா" என்கிறார்கள். பாலத்தடி, தேத்தண்ணி, ஆத்தித் தருவா: நான் கொப்பியில் குறித்துக்கொண்டு வந்தது இந்த மூன்றும்தான்.

கடைசியில் அந்தக் கடைக்கு என்ன பாட்டு வந்தது?

பாலத்தடிக்கு வாங்க – ஒரு
பால் தேத்தண்ணி வாங்க
ஆத்தி ஆத்தித் தருவா – மாமி
ஆறு மணிக்கே வருவா

மாமி கடை, மாமி கடை
கல்லடி மாமி கடை!

முதல் வரியின் "வாங்க" அழைப்பு. இரண்டாவது வரியின் "வாங்க" தேத்தண்ணி வாங்குவதற்கு. ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. அதனால் மனப்பாடம் செய்ய ஒரு சொல் குறைந்துவிடுகிறது. தமிழில் இப்படி இரண்டு பொருள் தரும் சொல் கிடைத்தால் விடாதீர்கள், காதுக்கு அது ஒரு சின்ன மகிழ்ச்சி.

நாலாவது வரி நான் எழுதியது அல்ல. அது எப்படி வந்தது என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

தாளம் சரியா என்று எப்படிப் பார்ப்பது? எனக்குச் சங்கீதம் தெரியாது.

கை தட்டத் தெரிந்தால் போதும். ஒரு வரிக்கு நாலு தட்டு. கோடு போட்ட இடத்திலெல்லாம் ஒரு தட்டு விழ வேண்டும்:

| பாலத் | தடிக்கு | வாங்க | – ஒரு
| பால்தேத் | தண்ணி | வாங்க | (சும்மா)
| ஆத்தி | ஆத்தித் | தருவா | மாமி
| ஆறு | மணிக்கே | வருவா | (சும்மா)
| மாமி | கடை | மாமி | கடை
| கல்லடி | மாமி | கடை | (சும்மா)

பள்ளிக்கூடத்தில் அசை பிரிக்கப் படித்தது நினைவிருக்கிறதா? அது இங்கே உதவும். பா‑லத், வாங்‑க, தண்‑ணி, ஆத்‑தி, மா‑மி: ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு அசை. "தடிக்கு", "மணிக்கே", "தருவா" எழுத்தில் நீளமாகத் தெரிந்தாலும் அவையும் இரண்டு அசைதான், ஏனென்றால் முதலில் வரும் இரண்டு குறில்களும் சேர்ந்து ஒரே அசையாகிவிடும்: தடிக்‑கு, மணிக்‑கே, தரு‑வா. எல்லாத் தட்டும் ஒரே கனத்தில் இருப்பதால்தான் நாலு வயதுப் பிள்ளையும் தடுக்காமல் பாடுகிறது. இரண்டு இடம் மட்டும் வேறு மாதிரி. "ஒரு" தட்டு விழுந்த பிறகு பின்பாதியில் வந்து அடுத்த வரியைப் பிடித்து இழுக்கும். "கடை" ஒற்றை அசை, அதை ஒரு தட்டு முழுக்க நீட்டிப் பாட வேண்டும். கடைப் பெயர் நீண்டு ஒலிப்பது நமக்கு நல்லதுதானே.

"சும்மா" என்று போட்ட இடத்தில் பாடக் கூடாது. அது மூச்சு விடும் இடம். பழக்கமில்லாதவர்கள் எழுதும் பாட்டில் பெரும்பாலும் இந்த இடம்தான் இல்லாமல் போகிறது. எல்லாத் தட்டிலும் சொல்லை அடைத்தால் பாடுகிறவருக்கும் மூச்சு முட்டும், கேட்கிறவருக்கும் ஒரு வரி முடிந்தது தெரியாது.

நேரக் கணக்கும் இதிலேயே வந்துவிடும். ஆறு வரி, வரிக்கு நாலு தட்டு, மொத்தம் 24. போனில் சீராகத் தட்டு ஒலிக்கும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 96 தட்டு என்று வைத்தால் ஒரு தட்டுக்கு 0.625 வினாடி. 24 தட்டுக்குச் சரியாக 15 வினாடி. வீடியோ 30 வினாடி வேண்டுமென்றால் இதையே இரண்டு முறை போடுங்கள், புதிதாக வரி எழுத வேண்டாம்.

எதுகை, மோனை கட்டாயமா?

கட்டாயம் இல்லை, ஆனால் நினைவில் நிற்க வைப்பது அதுதான். கடைப் பாட்டுக்கு வரி முடிவில் வரும் இயைபு முதலில் வேண்டும்: வாங்க–வாங்க, தருவா–வருவா. அப்புறம் வரித் தொடக்கத்தில் மோனை: பாலம்–பால், ஆத்தி–ஆறு. தொடக்கமும் முடிவும் பிடித்துவிட்டால் நடுவில் உள்ளது தானாக வந்துவிடும். எதுகை அமைந்தால் நல்லது, அதற்காக இல்லாத சொல்லை இழுத்து வர வேண்டாம்.

எழுதும்போது நன்றாக இருந்தது, பாடினால் வேறு மாதிரிக் கேட்கிறது. ஏன்?

பாடும்போது இரண்டு விஷயம் மாறும். நிறுத்தம் இடம் மாறும், குறில் நீளும். தாளில் பார்த்தால் இந்த இரண்டும் தெரியாது.

நிறுத்தம் மாறியது மாமி பாட்டிலேயே நடந்தது. நான் முதலில் எழுதியது இப்படி:

பாலத்தடிக்கு வாங்க – மாமி
பால் தேத்தண்ணி தாங்க

தாளில் ஒரு கோடு போட்டிருந்ததால் எனக்கு விளங்கியது. பாடிக் கேட்டபோது "பாலத்தடிக்கு வாங்க மாமி" என்று சேர்ந்துவிட்டது. கடைக்கு ஆட்களைக் கூப்பிடாமல் மாமியையே பாலத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி. காதுக்குக் கோடு தெரியாது. அதனால்தான் "மாமி"யை முதல் வரியிலிருந்து எடுத்து மூன்றாவது வரிக்குக் கொண்டு போனேன். "தருவா மாமி" என்று சேர்ந்து கேட்டாலும் அங்கே பொருள் கெடவில்லை.

குறில் நீண்டது இன்னொரு கடைப் பாட்டில். வரி முடிவில் "சூடா" என்று வந்தது. இயைபுக்காக அடுத்த வரியை "உளுந்து வடையும் கூட" என்று முடித்தேன். பாடினால் வரி முடிவு நீளும், "கூட" என்பது "கூடா" ஆகிவிடும். நம் பக்கத்தில் ஒரு பொருள் நல்லதில்லை என்றால் "கூடா" என்றுதானே சொல்வோம்! வடை கூடா என்று கடைக்காரரே பாடுகிற மாதிரி ஆகிவிட்டது. பதிவு முடிந்து திரும்பக் கேட்டபோதுதான் பிடிபட்டது, முழுதையும் மறுபடி பாட வேண்டி வந்தது. குறிலில் முடியும் ஒவ்வொரு வரியையும் நீட்டிப் பாடிப் பாருங்கள். நீட்டும்போது வேறு சொல்லாகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. மூன்றாவது வரியை "சுடச்சுட ஆத்தித் தருவா" என்று வைத்திருந்தேன். "சுடச்சுட" நல்ல சொல், ஆனால் எல்லாம் குறில், நீட்ட இடமில்லாமல் வேகமாக ஓடிவிடுகிறது. "ஆத்தி ஆத்தி" என்றால் "ஆ"வை இழுக்கலாம். தேத்தண்ணி ஒரு கிளாஸிலிருந்து மற்றதற்கு நீளமாக இறங்குவது அந்த ஒலியிலேயே இருக்கிறது.

மட்டக்களப்புப் பேச்சைப் போடலாமா? வெளியூர் ஆட்களுக்கு விளங்காதே.

போடுங்கள், ஆனால் பாட்டுக்கு ஒரு சொல். அந்த ஒரு சொல்லும் மற்றச் சொற்களால் தானாக விளங்க வேண்டும். மாமி பாட்டில் "தருவா, வருவா" என்பதே நம் பேச்சுத்தான், அது இலங்கை முழுக்க விளங்கும்.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகிற பெரிய வீதியில் கடை இருந்தால் இப்படி ஒன்று பாடலாம்:

ஒள்ளுப்பம் நில்லுங்க – ஒரு
தேத்தண்ணி சொல்லுங்க

யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவருக்கு "ஒள்ளுப்பம்" தெரியாமல் இருக்கலாம். ஆனால் வண்டியை நிறுத்தச் சொல்கிற வரியில் வருவதால் கொஞ்ச நேரம் என்று பிடித்துக்கொள்வார். நம் ஊர் ஆள் வெளிநாட்டில் இருந்து கேட்டால் அந்த ஒரு சொல்லில் உருகிப் போவார். "மறுகா", "கிறுகி", "என்னகா" எல்லாவற்றையும் ஒரே பாட்டில் கொட்டினால் அது நம் பேச்சைக் காட்சிக்கு வைத்த மாதிரி ஆகிவிடும். நம் ஆட்களே அப்படி நெருக்கி நெருக்கிப் பேசுவதில்லை.

பாட்டில் கடைக்காரரை எப்படிக் கூப்பிடுவது?

அந்தத் தெருவில் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே. கல்லடியில் "அண்ணன் கடை" என்றால், காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ "காக்கா கடை" என்றிருக்கும். வேறு நாட்டுத் தமிழர் "காக்கா" என்பதைப் பறவை என்று நினைப்பார்களே என்று சிலர் மாற்றிவிடுகிறார்கள். மாற்ற வேண்டாம். தேத்தண்ணி குடிக்க வரப்போகிறவர் பக்கத்துத் தெருக்காரர், அவருக்கு அது மூத்த சகோதரன்தான்.

ஆனால் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஒரு கடையில் எல்லாரும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அதையே எழுதிக்கொண்டு போனேன். அவர் வீட்டாருக்கு அது மனவருத்தம் என்று பிறகுதான் தெரிந்தது. உடனே எடுத்துவிட்டேன்.

மெட்டு யார் போடுவது?

நீங்களே போடலாம். வரியை நாலு ஐந்து முறை சத்தமாகச் சொல்லுங்கள், கூப்பிடுகிற மாதிரி. "வாங்க" என்று கூப்பிடும்போது குரல் தானாக ஏறும், சொல்லி முடிக்கும்போது இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் மெட்டு. அதை எதிர்த்து மெட்டுப் போட்டால் பாட்டு இயல்பாக வராது.

மாமி பாட்டுக்கு நாலு சுரம்தான்: ச, ரி, க, ப. ஆர்மோனியமோ கீபோர்டோ இருந்தால் மோகன ராகத்தின் சுரங்களில் வாசித்துப் பாருங்கள். முதல் வரி சவில் தொடங்கிக் கவுக்கு ஏறும்: பாலத் (ச ச), தடிக்கு (ரி ரி), வாங்க (க க). இரண்டாவது வரி அதே படியில் இறங்கிச் சவில் முடியும்: பால்தேத் (க க), தண்ணி (ரி ரி), வாங்க (ச ச). மூன்றாவது வரியில் இரண்டாவது "ஆத்தி"யில் மட்டும் பவைத் தொடும், அதுதான் பாட்டின் உச்சி. நாலாவது வரி மறுபடி இறங்கி வீட்டுக்கு வரும். இதற்கு மேல் ஏறினால் பாடகருக்கு நன்றாக இருக்கும், ஓட்டோக்காரருக்கும் பிள்ளைக்கும் எட்டாது.

தாளத்துக்குக் கும்மி நடையும் கூத்தின் மத்தளம், சல்லரியும் நம் காதில் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த நடையை எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் பாட்டின் மெட்டையோ, ஊரார் ஒரு சடங்கில் பாடும் மெட்டையோ கடைக்குக் கொண்டு வராதீர்கள். கேட்கிறவர் மனம் புண்படும். நாட்டார் வெளிப்பாடுகளை வணிகத்துக்கு எடுப்பது பற்றி நம் நாட்டுப் புலமைச் சொத்துச் சட்டத்திலும் ஏற்பாடு இருக்கிறது.

சினிமாப் பாட்டு மெட்டில் நம்ம வரியைப் போட்டால் என்ன?

அனுமதி இல்லாமல் போடக் கூடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி இசைக்கு உரிமை இருக்கிறது, விளம்பரத்துக்கு எடுப்பது உரிமையாளரைக் கேட்டுச் செய்ய வேண்டியது. ஏற்றிய வீடியோவின் சத்தத்தைத் தளமே அணைத்துவிடவும் கூடும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அந்த மெட்டைக் கேட்டால் ஆட்களுக்கு நடிகர்தான் நினைவுக்கு வருவார், உங்கள் தேத்தண்ணி வராது.

விலையைப் பாட்டில் சொல்லலாமா?

வேண்டாம். 2022இல் பால்மா விலை ஏறியபோது பால் தேத்தண்ணி விலையும் திரும்பத் திரும்ப மாறியது எல்லாருக்கும் நினைவிருக்கும். விலையைப் பாடியிருந்தால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாட வேண்டும். விலையை எழுத்தாகத் திரையில் போடுங்கள், மாற்றுவது சுகம்.

அம்பாறைப் பக்கம் சிங்கள ஆட்களும் வருவார்கள். சிங்களத்திலும் பாட வேண்டுமா?

பாட்டைத் தமிழிலேயே வையுங்கள், சிங்கள எழுத்தைத் திரையில் கீழே போடுங்கள். "பிளேன்டீ" இரண்டு மொழிக்கும் பொது, அதைக் கடைப் பெயரோடு சேர்த்து முடிவு வரியில் வைத்தால் எல்லாரும் சேர்ந்து பாடலாம். ஒன்றைக் கவனியுங்கள்: "பிளேன்டீ"யில் தட்டு "ளே"யில் விழ வேண்டும், "பி" அதற்குச் சற்று முன்னால் வந்துவிட வேண்டும். "பி"யில் தட்டினால் சொல் இழுபடும்.

போனில் பதிவு செய்தால் சரிவருமா?

சரிவரும், ஆனால் கடையில் வைத்துப் பாடாதீர்கள். கல்லடியில் கடற்காற்று போனில் "புஸ்" என்று விழும், அதோடு கேத்தல் இரைச்சல், வாகனச் சத்தம். வீட்டில் உடுப்பு தொங்குகிற அறையில், காற்றாடியை நிறுத்திவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சற்றுப் பக்கவாட்டில் பிடித்துப் பாடுங்கள். நேராகப் பிடித்தால் "பாலத்தடி", "பால்" என்ற "ப"கரங்கள் எல்லாம் வெடிக்கும்.

கடையின் சத்தத்தைத் தனியாக எடுங்கள். கிளாஸைப் பலகையில் வைக்கிற "டக்", கரண்டி கலக்குகிற "கிண் கிண்", இரண்டும் போதும். பாட்டில் "சும்மா" என்று விட்ட தட்டுகள் நினைவிருக்கிறதா? இரண்டாவது வரியின் முடிவில் அந்த "டக்"கை வையுங்கள். வேறு வாத்தியம் வேண்டியதில்லை.

படத்தைப் பாட்டுக்குப் பிறகு வெட்டுங்கள். பாட்டு ஓடும்போது தட்டு விழுகிற இடத்தில் காட்சி மாற வேண்டும். மாமி வீடியோவில் மூன்றாவது வரி முழுக்க ஒரே காட்சி: பித்தளைக் குவளையிலிருந்து கிளாஸுக்குத் தேத்தண்ணி நீளமாக இறங்குகிறது, இரண்டாவது "ஆத்தி"க்குக் கை உச்சிக்குப் போகிறது, "மாமி" என்னும்போது கிளாஸின் மேலே நுரை நிற்கிறது. அந்தக் கை உயர்வைத் தட்டோடு பொருத்த ஏழு முறை ஆத்த வேண்டி வந்தது. ஆத்தின தேத்தண்ணியை எல்லாம் வாங்கில் இருந்தவர்கள் குடித்தார்கள்.

பாட்டு நன்றாக வந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்?

கேட்ட உடனே "எப்படி இருக்கு" என்று கேட்காதீர்கள். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்பார்கள். ஒரு பிள்ளைக்கும் ஒரு பெரியவருக்கும் இரண்டு முறை மட்டும் பாடிக் காட்டுங்கள். அடுத்த நாள் காலையில் போய், "நேற்றுப் பாடினது என்ன?" என்று கேளுங்கள். அவர்கள் எதை விட்டுவிட்டார்கள், எதை மாற்றிப் பாடுகிறார்கள் என்று கவனியுங்கள். விட்டுப்போன சொல் பாட்டுக்குத் தேவையில்லாத சொல். மாற்றிப் பாடிய சொல் பெரும்பாலும் உங்களுடையதைவிட நல்ல சொல்.

மாமி பாட்டின் நாலாவது வரியை நான் "அதிகாலையிலே வருவா" என்று எழுதியிருந்தேன். மாமியின் பேத்திக்கு ஆறு வயது. மறுநாள் காலையில் அவளிடம் கேட்டபோது மூன்று வரியைச் சரியாகப் பாடினாள். நாலாவதில் ஒரு கணம் நின்றாள், அப்புறம் "ஆறு மணிக்கே வருவா" என்று பாடி முடித்தாள். அவளுக்கு அதிகாலை என்ற சொல் பழக்கமில்லை, அம்மம்மா கடைக்குப் போகிற நேரம் தெரியும். "ஆத்தி"க்கு "ஆறு" மோனையாகவும் விழுந்தது, நாலு தட்டிலும் இடறாமல் உட்கார்ந்தது. நான் மாமியிடம், "ஆறு மணிக்குத்தானே கடை திறக்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டு, என் வரியை வெட்டிவிட்டு அவளுடையதை எழுதினேன். வீடியோவில் அந்த ஒரு வரியைப் பாடுவது அவள்தான்.